கடன் தானாகக் குறைவதில்லை

நிதி மேலாண்மை முதுகலை வகுப்புகளின் வினாத்தாள்களில் ஒரு வகைக் கணக்கு அடிக்கடி இடம்பெறுகிறது. ஒரு முதலீட்டுக் குழு, பெரும்பகுதி கடன் பணத்தைக் கொண்டு ஒரு நிறுவனத்தை வாங்குகிறது. அந்தக் கடனை அடைக்கும் பொறுப்பு, வாங்கப்பட்ட நிறுவனத்தின் தலையிலேயே விழுகிறது. ஐந்து ஆண்டுகள் அது தன் வருவாயிலிருந்து கடனை அடைக்கிறது. ஐந்தாம் ஆண்டின் முடிவில் நிறுவனம் விற்கப்படுகிறது. கடன் திருப்பிச் செலுத்தும் அட்டவணையை வரைக. பங்கு முதலீட்டாளர்களுக்குக் கிடைக்கும் ஆண்டு ஈட்டு வீதத்தைக் கண்டறிக.

லெவரேஜ்டு பைஅவுட் எனப்படும் கடன்வழிக் கையகப்படுத்தல் குறித்த கணக்கு இது. இதன் மதிப்பெண் பெரும்பாலும் கடைசி வரியில்தான் குவிந்திருக்கிறது. ஈட்டு வீதம் 20 விழுக்காட்டைத் தொட்டால் நல்ல முதலீடு, தொடாவிட்டால் சுமாரான முதலீடு என்று மாணவர் எழுதுகிறார், ஆசிரியர் திருத்துகிறார். இடையில் வரையப்பட்ட அட்டவணை, விடைக்குப் போகும் வழியில் கடந்துவிட வேண்டிய ஒரு படிக்கட்டாகவே கருதப்படுகிறது.

இந்த வாசிப்பு தலைகீழானது. பங்கு முதலீட்டாளருக்குச் சேர்வது எச்சம். வங்கி, வரித்துறை, ஊழியர், சரக்கு தந்தவர் ஆகிய எல்லோரும் எடுத்துக்கொண்ட பின் மிஞ்சுவது. எச்சத்தின் அளவை மட்டும் பார்த்து, அது எங்கிருந்து மிஞ்சியது என்பதை அறிய முடியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் கடன் அட்டவணை. அந்த அட்டவணையைப் படிக்கக் கற்றுத் தராத வினா, கூட்டல் கழித்தலைச் சோதிக்கிறதே தவிர நிதியறிவைச் சோதிக்கவில்லை.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் கற்பனையானவை; அமைப்பு வகுப்பறைகளில் வழங்குவதுதான்.

ஒரு நிறுவனத்தின் ஆண்டு இயக்க வருவாய் 100 கோடி ரூபாய். வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள வருவாய் இது. துறையினர் எபிட்டா என்பர். நிறுவனம் இதன் 6 மடங்குக்கு, அதாவது 600 கோடிக்கு, வாங்கப்படுகிறது. இதில் 400 கோடி கடன், 200 கோடி பங்கு முதலீடு. கடனுக்கு ஆண்டு வட்டி 10 விழுக்காடு. அது ஆண்டுத் தொடக்க நிலுவையின் மேல் கணக்கிடப்படுகிறது. தேய்மானம் 20 கோடி. பழைய இயந்திரங்களையும் கட்டடங்களையும் புதுப்பிக்கும் மூலதனச் செலவும் 20 கோடி. வரி 25 விழுக்காடு. நடைமுறை மூலதனத்தில் மாற்றம் இல்லை. வளர்ச்சியும் இல்லை: ஐந்து ஆண்டும் வருவாய் 100 கோடியாகவே நிற்கிறது. மிஞ்சும் ரொக்கம் முழுவதும் கடனை அடைக்கப் பயன்படுகிறது. இந்த ஏற்பாட்டுக்குக் கேஷ் ஸ்வீப் என்று பெயர்.

முதலாம் ஆண்டில் 100 கோடியிலிருந்து தேய்மானம் 20 கோடியும் வட்டி 40 கோடியும் போக, வரிக்கு முந்தைய லாபம் 40 கோடி. வரி 10 கோடி. நிகர லாபம் 30 கோடி. தேய்மானம் ரொக்கமாக வெளியே போவதில்லை என்பதால் அதைத் திரும்பக் கூட்டி, மூலதனச் செலவைக் கழித்தால் மீண்டும் 30 கோடியே வருகிறது. அது வங்கிக்குப் போகிறது. கடன் 370 கோடியாகிறது. இரண்டாம் ஆண்டில் வட்டி 37 கோடிதான் என்பதால் மிஞ்சும் ரொக்கம் 32.25 கோடியாக உயர்கிறது. இப்படியே தொடர்ந்தால் ஆண்டிறுதி நிலை, கோடி ரூபாயில், பின்வருமாறு அமையும். நிறுவனத்தின் மதிப்பு 600 கோடியாகவே நிற்கிறது என்பது இங்கே அனுமானம்.

முதலாம் ஆண்டு: கடன் 370, பங்குதாரர் பங்கு 230
இரண்டாம் ஆண்டு: கடன் 338, பங்கு 262
மூன்றாம் ஆண்டு: கடன் 303, பங்கு 297
நான்காம் ஆண்டு: கடன் 266, பங்கு 334
ஐந்தாம் ஆண்டு: கடன் 226, பங்கு 374

200 கோடி ஐந்து ஆண்டுகளில் 374 கோடியாகிறது. ஆண்டு ஈட்டு வீதம் சுமார் 13.4 விழுக்காடு. வினாவுக்கு உரிய விடை இத்துடன் முடிகிறது. படிக்க வேண்டியது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது: இந்நிறுவனம் ஐந்து ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூட வளரவில்லை. முதலீட்டாளரின் ஆதாயமான 174 கோடியும், கடன் அதே அளவு குறைந்ததால் வந்தது. கடனே இல்லாமல் 600 கோடியையும் முதலீட்டாளரே போட்டு வாங்கியிருந்தால், ஆண்டுதோறும் வரி போக 60 கோடி கிடைத்திருக்கும். ஈட்டம் 10 விழுக்காடு. அந்த 10 விழுக்காடு எப்படி 13.4 ஆனது? வட்டி 10 விழுக்காடு என்றாலும், அது செலவாகக் கழிக்கப்பட்டு வரியைக் குறைக்கிறது. ஆகவே கடனின் உண்மையான விலை 7.5 விழுக்காடு. 10 ஈட்டும் சொத்தை 7.5 விலையுள்ள பணத்தால் வாங்கினால், இடைவெளி பங்கு முதலீட்டாளரின் பைக்குப் போகிறது. வட்டிக்கு வரிக் கழிவு இல்லை என்று வைத்துக்கொண்டால், முதலாம் ஆண்டு வரி 20 கோடியாகும். மிஞ்சுவது 20 கோடி. 200 கோடிக்கு ஈட்டம் சரியாக 10 விழுக்காடு. அதாவது, இக்கணக்கில் கடன் தந்த கூடுதல் ஈட்டம் முழுவதும் அரசுக் கருவூலம் விட்டுக்கொடுத்த வரி. எண்களை மாற்றினால் இந்த விகிதம் மாறும். ஆனால் ‘நிர்வாகத் திறமையால் மதிப்பு கூடியது’ என்று விடைத்தாளில் எழுதும் முன் இந்த ஒரு கழித்தலையாவது செய்து பார்க்க வேண்டும்.

அடுத்து, ஆண்டுவாரியான ஈட்டத்தைப் பார்க்க வேண்டும். 200 கோடி 230 ஆன முதலாம் ஆண்டில் ஈட்டம் 15 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் 14. மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ 13. ஐந்தாம் ஆண்டில் 12. கடன் அடைபட அடைபட நெம்புகோல் குட்டையாகிறது. ஈட்டம் கடனற்ற நிலையின் 10 விழுக்காட்டை நோக்கிச் சரிகிறது. கடனை ஒழுங்காக அடைக்கும் நிறுவனம், தன் முதலாளிக்கு ஆண்டுதோறும் கவர்ச்சி குறைந்த முதலீடாக மாறுகிறது. இத்தொழிலில் உள்ளோர் ஐந்தாண்டு வாக்கில் விற்றுவிட விரும்புவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மீண்டும் கடன் வாங்க விரும்புவதற்கும் இதுவே காரணம். மூன்றாம் ஆண்டின் முடிவில் கடனைப் பழையபடி 400 கோடிக்கு ஏற்றி, கிடைக்கும் 97 கோடியை ஈவுத்தொகையாக எடுத்துக்கொண்டால் ஈட்டு வீதம் 14.2 ஆகிறது. டிவிடெண்ட் ரீகேப் என்று இதைச் சொல்வர். முதலீட்டாளருக்குக் கூடியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் போட்ட பணத்தில் கிட்டத்தட்ட பாதி கைக்கு வந்துவிட்டது. நிறுவனமோ மூன்றாண்டு உழைப்பில் இறக்கிவைத்த சுமையை மறுபடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஈட்டு வீதம் என்ற ஒற்றை எண்ணில் இந்த இடமாற்றம் தெரியாது. அட்டவணையில் கடன் 303 இலிருந்து 400க்குத் தாவும் இடத்தில் தெரியும்.

விற்பனை விலையும் அப்படித்தான். வாங்கியது 6 மடங்குக்கு. விற்பது 7 மடங்குக்கு என்று வினாவில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். பங்குதாரருக்கு 474 கோடி கிடைக்கும். ஈட்டு வீதம் ஏறத்தாழ 19 விழுக்காடாகும். நிறுவனத்தில் எதுவும் மாறவில்லை. வினா அமைத்தவரின் ஒரு விருப்பம் ஐந்தரை விழுக்காட்டுப் புள்ளிகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே, நேர்மையான வினா வாங்கிய மடங்கிலேயே விற்பனையையும் வைக்க வேண்டும். வேறு மடங்கைக் கொடுத்தால், ஈட்டத்தில் எத்தனை புள்ளிகள் அதனால் வந்தவை என்பதைத் தனியே பிரித்துக் காட்டும்படி கேட்க வேண்டும்.

இவை யாவும் வானிலை நன்றாக இருக்கும்போது போட்ட கணக்கு. இனி மழை பெய்யட்டும். முதலாம் ஆண்டிலேயே வருவாய் 80 கோடியாகக் குறைகிறது என்று கொள்ளலாம். அதே நிலையில் ஐந்தாண்டு நீடித்தால் கடன் 313 கோடிக்குத்தான் இறங்கும். நிறுவனத்தின் மதிப்பு 480 கோடி. பங்குதாரருக்கு 167 கோடி. வருவாய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு, பங்குதாரரின் தொகை பாதிக்கும் கீழே போகிறது. இந்தப் பெருக்கத்தை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. அவற்றில் பல அழுத்திச் சொல்லாதது வேறொன்று: அந்த ஐந்து ஆண்டுகளைக் கடக்க நிறுவனத்துக்கு அனுமதி கிடைக்குமா?

உண்மையான கடன் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ‘மிஞ்சியதைக் கொடு’ என்பது மட்டும் இருப்பதில்லை. ஆண்டுதோறும் இவ்வளவு அசலைக் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத் தவணையும் இருக்கும். அதை 25 கோடி என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல ஆண்டில் மிஞ்சிய 30 கோடி இதற்குப் போதும். வருவாய் 80 கோடியாகும் ஆண்டிலோ, தேய்மானமும் வட்டியும் போக 20 கோடி. வரி போக 15 கோடி. தவணைக்கு 10 கோடி குறைகிறது. நிறுவனம் லாபத்தில் இருக்கிறது. 15 கோடி நிகர லாபம் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் கடன் தவறியவர் பட்டியலில் சேர்கிறது. எந்த வருவாயில் இந்தக் கோடு தாண்டப்படும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் விடை சுமார் 93.3 கோடி. முதலாம் ஆண்டு வருவாய் ஏழு விழுக்காடு சரிந்தாலே போதும். ஐந்தாண்டு ஈட்டம் 13.4 விழுக்காடு என்று எழுதிய அதே விடைத்தாளில், ‘ஏழு விழுக்காட்டுச் சரிவில் தவணை தவறும்’ என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த இரண்டு எண்களும் சேர்ந்தால்தான் அது விடை.

இப்போது ஒரு நிர்வாகி என்ன செய்வார்? வட்டியைத் தொட முடியாது. வரியையும் தொட முடியாது. தொடக்கூடியது மூலதனச் செலவு. அந்த 20 கோடியை 10 கோடியாக்கினால் கையில் ரொக்கம் சரியாக 25 கோடி. தவணை கட்டப்பட்டுவிடும். வங்கி மகிழும். அட்டவணையில் ஒரு பிழையும் இராது. கடன் 400 இலிருந்து 375க்கு ஒழுங்காக இறங்கியிருக்கும். ஆனால் 20 கோடி தேய்ந்த இடத்தில் 10 கோடிதான் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மீதி 10 கோடியைக் கட்டியது ஒழுகும் கூரையும் பழுதான விளக்கும் பழைய கணினி அமைப்பும்தான்.

வினாத்தாள்களின் மொழி இந்த இடத்தை மறைத்துவிடுகிறது. ‘ஆண்டுதோறும் கடன் குறைகிறது’ என்பது வழக்கமான வாசகம். தமிழில் ‘குறைகிறது’ தன்வினை. செய்பவர் யாரென்று சொல்ல வேண்டிய தேவை அதில் இல்லை. பகல் குறைகிறது, காய்ச்சல் குறைகிறது என்பதைப் போலக் கடனும் இயல்பாகக் குறைந்துகொண்டிருப்பதாக ஒரு தோற்றம். ‘குறைக்கிறார்கள்’ என்று எழுதினால் உடனே எழுவாய் தேவைப்படும்: யார், எதைக் கொண்டு? கடன் தானாகக் குறைவதில்லை. அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஒருவர் எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார்.

மேலே சொன்னது கற்பனை நிறுவனம். உண்மையில் நடந்ததற்கு அமெரிக்கப் பொம்மைக் கடைத் தொடரான டாய்ஸ் ஆர் அஸ் ஒரு சான்று. 2005இல் கேகேஆர், பெய்ன் கேப்பிட்டல், வொர்னாடோ ரியால்டி டிரஸ்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை ஏறத்தாழ 660 கோடி டாலருக்கு வாங்கின. பங்கு முதலீடு சுமார் 130 கோடி டாலர்; மீதிப் பெரும்பகுதி கடன். 2017 செப்டம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றபோது அதன் மேல் இருந்த கடன் ஏறத்தாழ 500 கோடி டாலர்.

இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியும் கடன் பெரிய அளவில் இறங்கவில்லை. வகுப்பறை அட்டவணையில் படிப்படியாக இறங்கும் அந்த நிரல், இங்கே ஏறக்குறைய சமதளமாகக் கிடந்தது. முதிர்ந்த கடன் புதிய கடனால் மாற்றப்பட்டது. அசல் அப்படியே நின்றது. கடனுக்கென ஆண்டுக்கு 40 கோடி டாலர் அளவில் வெளியேறிக்கொண்டிருந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிட்டு வெளியேறும் முயற்சி 2010இல் தொடங்கி 2013இல் கைவிடப்பட்டது. விற்பனை ஆண்டு என்று வினாவில் எளிதாக எழுதப்படும் அந்த ‘ஐந்தாம் ஆண்டு’ இவர்களுக்கு வரவேயில்லை.

அந்தக் காலம் முழுவதும் வால்மார்ட்டும் டார்கெட்டும் விலையில் நெருக்கின; அமேசான் வீட்டு வாசலுக்குப் பொம்மையைக் கொண்டுவந்தது. கடன் மட்டுமே நிறுவனத்தைக் கொன்றது என்று சொல்வது மிகை. ஆனால் போட்டிக்கு ஈடுகொடுக்கத் தேவைப்பட்டது மூலதனச் செலவு. அதற்கான பணம் வட்டியாக வெளியேறிக்கொண்டிருந்தது. திவால் மனுவுடன் அளித்த வாக்குமூலத்தில், கடைகளின் பராமரிப்பிலும் நிலையிலும், விரைவாகப் பொருளை அனுப்பிவைக்கும் வசதியிலும் போட்டியாளர்களைவிடத் தான் பின்தங்கிவிட்டதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. கற்பனைக் கணக்கில் 10 கோடி ரூபாயாக இருந்த அந்த ஒழுகும் கூரை, இங்கே நீதிமன்ற ஆவணத்தில் எழுத்தாகவே வந்துவிட்டது. திவால் வதந்தி பரவியதும் சரக்கு தருவோர் கடனுக்குத் தர மறுத்து ரொக்கம் கேட்டனர். பண்டிகைக் கால இருப்புக்குப் பணம் இல்லை. 2018இல் அமெரிக்கக் கடைகள் மூடப்பட்டன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். பங்கு முதலீடும் அழிந்தது. அதே ஆண்டின் இறுதியில் கேகேஆரும் பெய்னும் முன்னாள் ஊழியர்களுக்கென 2 கோடி டாலர் நிதி ஒன்றை ஏற்படுத்தின. வேலை இழந்தோர் எண்ணிக்கையால் அதை வகுத்துப் பார்ப்பதற்கு எந்த அட்டவணையும் தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வாதம் ஒருதலையானதாகிவிடும். 2007இல் பிளாக்ஸ்டோன் ஹில்டன் ஹோட்டல் நிறுவனத்தை ஏறத்தாழ 2,600 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் சுமார் 2,000 கோடி டாலர் கடன். அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்தது, பயணங்கள் குறைந்தன, ஹோட்டல் வருவாய் சரிந்தது. வகுப்பறைக் கணக்கின்படி இது டாய்ஸ் ஆர் அஸ் கதையாகவே முடிந்திருக்க வேண்டும். மாறாக, 2018இல் பிளாக்ஸ்டோன் முழுவதுமாக விலகியபோது அதன் மொத்த ஆதாயம் சுமார் 1,400 கோடி டாலர்.

இரண்டு விஷயங்கள் வேறுபட்டன. முதலாவது காலம். 2010இல் கடன் கொடுத்தோருடன் பேச்சு நடத்தி, பிளாக்ஸ்டோன் மேலும் 80 கோடி டாலர் பங்கு முதலீடு போட்டு, கடனை ஏறத்தாழ 1,600 கோடி டாலருக்குக் குறைத்துக்கொண்டது. முதிர்வுத் தேதிகளும் தள்ளிவைக்கப்பட்டன. அட்டவணை கல்லில் எழுதப்பட்டதல்ல. அதைத் திருத்தும் வலிமையும் பணமும் உள்ளவர் பிழைக்கிறார். இரண்டாவது, மூலதனச் செலவு. ஹில்டனின் வளர்ச்சி பெரும்பாலும் உரிம முறையிலும் நிர்வாக ஒப்பந்தத்திலும் நடந்தது. கட்டடத்தைப் பிறர் கட்டினர். பெயரையும் முன்பதிவு அமைப்பையும் ஹில்டன் தந்து கட்டணம் பெற்றது. ஆகவே கடனை அடைத்துக்கொண்டே வளரவும் முடிந்தது. பொம்மைக் கடைக்கு அந்த வழி இல்லை. தன் கடையைத் தானே புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த நிறுவனம் உயிரோடிருக்க ஆண்டுக்கு எவ்வளவு தன்மேல் செலவழிக்க வேண்டும், அதை வேறு யாராவது ஏற்பார்களா?

இந்தியாவில் இது நெடுங்காலம் வகுப்பறைக் கணக்காகவே இருந்தது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 67ஆம் பிரிவு, ஒரு பொது நிறுவனம் தன் பங்குகளைப் பிறர் வாங்குவதற்குப் பொதுவாக நிதியுதவி செய்யலாகாது என்கிறது. பங்குகளை வாங்கி நிறுவனத்தைக் கையகப்படுத்துவதற்கு வங்கிகள் கடன் கொடுப்பதையும் ரிசர்வ் வங்கி இறுக்கமாகவே கட்டுப்படுத்தி வந்தது. இந்திய நிறுவனங்களின் பெயர்பெற்ற கடன்வழிக் கையகப்படுத்தலாகப் பாடநூல்கள் சுட்டும் டெட்லி வாங்குதலுங்கூட, 2000இல் டாட்டா டீ நிறுவனம் பிரிட்டனில் தனியே அமைத்த ஒரு நிறுவனத்தின் வழியாக, 271 மில்லியன் பவுண்டு விலையில், அந்நாட்டில் நடந்தது. ஆனால் 2025 அக்டோபரில், இந்திய நிறுவனங்கள் மேற்கொள்ளும் கையகப்படுத்தல்களுக்கு வங்கிகள் கடன் தர வழிசெய்யும் முன்மொழிவை ரிசர்வ் வங்கி அறிவித்தது. கதவு திறக்கத் தொடங்கியிருக்கிறது. இன்று இக்கணக்கைத் தேர்வுத்தாளில் போடும் மாணவர், சில ஆண்டுகளில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் அமர்ந்து இதே கணக்கைக் கோப்பில் எழுதக்கூடும். அப்போது அந்த 400 கோடி, வைப்பு நிதி போட்டவர்களின் பணமாக இருக்கும்.

ஆகவே, வினா அமைக்கும் ஆசிரியர்களிடம் வைக்க வேண்டிய கோரிக்கை சிறியதுதான். ஈட்டு வீதத்தைக் கேட்கட்டும். அதோடு மூன்று வரிகளையும் கேட்கட்டும். ஒன்று, ஆதாயத்தைப் பிரித்துக் காட்டுக: கடன் அடைபட்டதால் எவ்வளவு, வருவாய் வளர்ந்ததால் எவ்வளவு, விற்பனை மடங்கு உயர்ந்ததால் எவ்வளவு. இரண்டு, வருவாய் எத்தனை விழுக்காடு சரிந்தால் கட்டாயத் தவணை தவறும்? மூன்று, மூலதனச் செலவைப் பாதியாக்கித் தவணை கட்டினால், ஐந்தாம் ஆண்டில் அந்நிறுவனத்தை வாங்க வருபவர் அதே 6 மடங்கு விலை தருவாரா?

மூன்றாம் கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை கிடையாது. அதனால்தான் அது தேர்வுகளில் வருவதில்லை. 80 கோடி வருவாயில் ஐந்தாண்டும் மூலதனச் செலவைப் பாதியாக்கி ஓட்டிய நிறுவனத்தை, வாங்க வருபவர் நேரில் சுற்றிப் பார்த்துவிட்டு 5 மடங்குதான் என்று சொன்னால், மதிப்பு 480 கோடியிலிருந்து 400 கோடியாக இறங்கும். அட்டவணையில் மிச்சம் பிடித்தது ஆண்டுக்கு 10 கோடி வீதம் 50 கோடி. கடைசியில் இழந்தது 80 கோடி. இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்த மாணவர், அடுத்த முறை ‘கடன் குறைகிறது’ என்ற வாசகத்தைக் கண்டால், யார் குறைக்கிறார் என்று ஒருமுறை நின்று கேட்பார்.